மூன்று சொத்துக்கும் சம ரிஸ்க் கேட்டேன், ஆளுக்கு 33.33% என்று திருப்பித் தருகிறது. எங்கே தப்பு?

எடைக்கல் எழுதியது:

ரெண்டு நாளா முட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது பாருங்கள். என்னிடம் மூன்று சொத்துகள். X ஒரு பங்குக் குறியீடு, ஆண்டு ஏற்ற இறக்கம் 20%. Y இன்னொரு பங்குக் குறியீடு, 15%. மூன்றாவது ஒரு பாண்டு ஃபண்ட், 5%. X-க்கும் Y-க்கும் கோரிலேஷன் 0.8. பாண்டுக்கும் பங்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று 0 வைத்துக்கொண்டேன்.

மொத்த போர்ட்ஃபோலியோவின் ஏற்ற இறக்கத்தில் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். இதுதான் தேவை. தினசரி கோவேரியன்ஸ் அணியை `S` என்று வைத்து இப்படி எழுதினேன்:

```python
def f(w):
    rc = w * (S @ w)
    return ((rc - rc.mean())**2).sum()

res = minimize(f, np.ones(3)/3, method='SLSQP',
               bounds=[(0, 1)]*3,
               constraints={'type': 'eq',
                            'fun': lambda w: w.sum() - 1})
```

விடை `[0.3333 0.3333 0.3333]`. கூடவே `Optimization terminated successfully` என்று சந்தோஷமாகச் சொல்கிறது. 20% ஆடுகிற பங்குக்கும் 5% ஆடுகிற பாண்டுக்கும் ஒரே எடை என்றால் ரிஸ்க் எப்படிச் சமமாகும்? சூத்திரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேனா, நிரலில் தப்பா?

---

நேர்க்கோடு எழுதியது:

ஆப்டிமைசரே வேண்டாம் நண்பரே, கொசு அடிக்கப் பீரங்கி எதற்கு. ஏற்ற இறக்கத்தின் தலைகீழை எடுத்து மொத்தத்தால் வகுத்தால் முடிந்தது. 1/20, 1/15, 1/5. விகிதம் போட்டால் X-க்கு 15.8%, Y-க்கு 21.1%, பாண்டுக்கு 63.2%. எடையையும் ஏற்ற இறக்கத்தையும் பெருக்கிப் பாருங்கள், மூன்றுக்கும் 3.16% வரும். சமம். எக்செலில் ஒரு வரி வேலை. நான் வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன்.

---

மழைமேகம் எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். மூன்றும் சமமாகப் பங்களிக்க வேண்டும் என்றால், வருஷ முடிவில் மூன்றிலிருந்தும் ஒரே அளவு லாபம் வர வேண்டும் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் எதிர்பார்க்கும் வருமானத்தை வைத்தல்லவா எடை போட வேண்டும்? இந்த நிரலில் வருமானமே எங்கும் காணோமே.

---

அணிக்கணக்கர் எழுதியது:

எடைக்கல், உங்கள் சூத்திரம் சரி. ஆப்டிமைசர் வேலையே செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் மழைமேகத்துக்கு: வருமானம் இதில் வேண்டுமென்றேதான் இல்லை. இங்கே பங்கிடுவது லாபத்தை அல்ல, ஆட்டத்தை. எந்தச் சொத்து எவ்வளவு தரும் என்று கணிக்கத் துணியாதவர்கள், ஆட்டத்தையாவது ஓரளவு அளக்க முடியும் என்று நம்பிப் போடும் கணக்கு இது. மூன்றும் ஒரே லாபம் தருமா என்றால், அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி எடைக்கல்லின் எண்களுக்கே வருவோம். ஆளுக்கு 1/3 வைத்தால் என்ன ஆகிறது என்று கையால் போட்டேன். மொத்த ஏற்ற இறக்கம் 11.2%. அதில் X-ன் பங்கு 56.6%, Y-ன் பங்கு 41.2%, பாண்டின் பங்கு வெறும் 2.2%. ஆக அந்த விடை தப்பு என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம் ஏன் ‘வெற்றி’ என்கிறது?

உங்கள் `f` என்ன எண் தருகிறது என்று எப்போதாவது அச்சடித்துப் பார்த்தீர்களா? தினசரி கோவேரியன்ஸ் என்றால் ஆண்டு எண்ணை 252-ஆல் வகுத்தது. ஆகவே X-க்கான `rc` சுமார் 2.8e-5, Y-க்கு 2.05e-5, பாண்டுக்கு 1.1e-6. இவற்றின் வித்தியாசங்களை வேறு வர்க்கப்படுத்துகிறீர்கள். கூட்டினால் 3.9e-10. `SLSQP` எப்போது நிற்கும் என்பதை `ftol` தீர்மானிக்கிறது. நீங்கள் எதுவும் தராவிட்டால் அது 1e-6. அதாவது கிளம்பும் இடத்திலேயே உங்கள் மொத்தப் பிழையும், அது கண்டுகொள்ளும் அளவைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் சின்னது. ‘இனி குறைக்க ஒன்றுமில்லை’ என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. `res.nit` பாருங்கள், 1 என்று இருக்கும். தொடக்கப்புள்ளியாக வேறு எடைகளைக் கொடுங்கள், அதையே திருப்பித் தரும்.

ஆண்டு கோவேரியன்ஸ் கொடுத்தால் தொடக்கத்தில் பிழை 2.5e-5 ஆகும். கொஞ்சம் நகரும், ஆனால் நன்றாக முடித்துத் தரும் என்று நம்ப முடியாது. இந்தத் தப்பின் விஷமே அதுதான்: அலகை மாற்றினால் விடை மாறுகிறது. எடை அலகைப் பொறுத்து மாறவே கூடாது.

---

எடைக்கல் எழுதியது:

`nit: 1`. சத்தியமாக 1. தொடக்கத்தை 0.6, 0.3, 0.1 என்று மாற்றினேன், அதையே கக்குகிறது. இரண்டு நாள் போச்சு.

சரி, `rc`-யை `rc / rc.sum()` என்று விகிதமாக்கிவிட்டு 1/3-ஐக் கழித்தால் அலகுப் பிரச்சினை தீருமா? அப்புறம் நேர்க்கோடு சொன்ன 15.8 / 21.1 / 63.2 சரியான விடையா? அதையாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

---

அணிக்கணக்கர் எழுதியது:

விகிதமாக்கினால் தீரும். அப்போது தொடக்கப் பிழை 0.157 என்று மனிதர் படிக்கும் எண்ணாக இருக்கும், ஆப்டிமைசரும் விழித்துக்கொள்ளும். `ftol`-ஐ 1e-12 என்று இறக்கியும் வையுங்கள்.

நேர்க்கோட்டின் விடை பாதிதான் சரி. அவர் பெருக்கிப் பார்த்தது எடையையும் அந்தச் சொத்தின் தனி ஏற்ற இறக்கத்தையும். ஒவ்வொன்றும் தனியாக நின்றால் எவ்வளவு ஆடும் என்பது அது. சொத்துகள் தனியாக நிற்பதில்லை. X ஆடும் நாளில் Y-யும் சேர்ந்து ஆடுகிறது, பாண்டு தன் பாட்டுக்கு இருக்கிறது. அவருடைய எடைகளில் மூன்றுக்கும் தனி ஆட்டம் 3.16%. ஆனால் X-ன் பங்கைக் கணக்கிட அதன் வரிசையின் கோரிலேஷன்களைக் கூட்ட வேண்டும்: தன்னோடு 1, Y-யோடு 0.8, பாண்டோடு 0, ஆக 1.8. Y-க்கும் அதே 1.8. பாண்டுக்கு 1 மட்டும். மொத்தம் 4.6. பங்கிட்டால் X 39.1%, Y 39.1%, பாண்டு 21.7%. மூன்றில் ஒன்று வர வேண்டிய பாண்டு ஐந்தில் ஒன்றை ஒட்டி நிற்கிறது.

சரியான விடையை இந்த உதாரணத்தில் காகிதத்திலேயே எடுக்கலாம். பங்கு இரண்டின் தனி ஆட்டத்தையும் a என்று வையுங்கள், பாண்டின் தனி ஆட்டத்தை b என்று வையுங்கள். பங்கு ஒவ்வொன்றும் ஏற்பது 1.8a², பாண்டு ஏற்பது b². இரண்டும் சமம் என்றால் b = 1.342a. இப்போது தனி ஆட்டத்தை அதனதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்து, மொத்தம் 100 வரும்படி சுருக்கினால் X 13.0%, Y 17.3%, பாண்டு 69.7%. மொத்த ஏற்ற இறக்கம் 6.04%, ஆளுக்கு 2.01%. ஒப்பிட வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

நேர்க்கோடு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. நான் வைத்திருப்பது ஒரு பங்கு, ஒரு பாண்டு, இரண்டே சொத்து. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். கோரிலேஷனை 0 வைத்தாலும் 0.5 வைத்தாலும் -0.4 வைத்தாலும் ரிஸ்க் சரிபாதியாகத்தான் பிரிகிறது. அப்படியென்றால் என் சூத்திரம் எப்படித் தப்பாகும்?

---

அணிக்கணக்கர் எழுதியது:

இரண்டு சொத்துக்கு அது தப்பே இல்லை. இரண்டு பேருக்குள் இருப்பது ஒரே ஒரு கோரிலேஷன், இருவரும் அதை ஒரே மாதிரி சுமக்கிறார்கள், எனவே அது இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மூன்று, பத்து சொத்து இருந்தாலும் எல்லா ஜோடிக்கும் ஒரே கோரிலேஷன் என்றால் அப்போதும் உங்கள் ஒரு வரி போதும். ஒரு ஜோடி மற்றவற்றைவிட நெருக்கமாக இருக்கும்போதுதான் உடைகிறது. நிஜத்தில் மூன்றாவது சொத்து வந்த நாளிலேயே அப்படி ஆகிவிடும்.

---

சுற்றுவட்டம் எழுதியது:

`SLSQP` எல்லாம் எதற்கு என்று நானும் கேட்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. சம பங்கு என்றால் `w * (S @ w)` எல்லாவற்றுக்கும் ஒன்று. அதாவது எடை, `S @ w`-வின் தலைகீழுக்கு விகிதம். எனவே ஏதோ ஒரு எடையில் தொடங்கி `w = 1/(S @ w)` போட்டு, மொத்தத்தால் வகுத்து, திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும். நாலு வரி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் இருந்தது.

---

எடைக்கல் எழுதியது:

சுற்றுவட்டம், போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றில் பாண்டுக்கு ஏகமாகத் தருகிறது, அடுத்த சுற்றில் பிடுங்கிக்கொள்கிறது. ஆயிரம் சுற்று ஓட்டியும் அடங்கவில்லை. இரட்டைப்படைச் சுற்றில் நிறுத்தினால் ஒரு விடை, ஒற்றைப்படையில் நிறுத்தினால் வேறொன்று. இதற்கு முந்தையதே தேவலை.

---

அணிக்கணக்கர் எழுதியது:

யோசனையின் வேர் சரிதான், சுற்றும் விதம்தான் தப்பு. எளிய உதாரணம் பாருங்கள். கோரிலேஷனே இல்லாத இரண்டு சொத்து, 20%-மும் 5%-மும். 0.5, 0.5 என்று தொடங்குங்கள். முதல் சுற்றில் 0.0588, 0.9412. இரண்டாம் சுற்றில் மறுபடி 0.5, 0.5. மூன்றாவதில் திரும்ப 0.0588. ஊஞ்சல் மாதிரி காலம் முழுக்க ஆடும். சரியான விடை 0.2, 0.8. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிக்கொண்டே இருக்கிறது, தொடுவதில்லை.

பழைய எடையையும் புதிய எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துவிட்டுப் பிறகு சுருக்கினால் இந்த உதாரணத்தில் ஒரே சுற்றில் 0.2, 0.8 வந்துவிடும். கோரிலேஷன் உள்ள அணிகளிலும் பெரும்பாலும் ஆட்டம் அடங்கும். ‘பெரும்பாலும்’ என்பதை நான் நம்பி ஓட்ட மாட்டேன்.

நான் பயன்படுத்துவது வேறு. எடைகளின் கூட்டு 1 என்ற கட்டுப்பாட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். y என்ற நேர்மறை எண்களைத் தேடுங்கள், `0.5*y@S@y - b@log(y)` மிகக் குறைவாக இருக்கும்படி. ஒவ்வொரு சொத்துக்கும் வகைக்கெழுவை 0 ஆக்கினால் `y[i]*(S@y)[i] = b[i]` என்று வருகிறது. நாம் கேட்டதும் அதேதான். லாக் இருப்பதால் எந்த எடையும் 0-க்குப் போக முடியாது. வடிவம் ஒரு கிண்ணம் மாதிரி, அடி ஒன்றே ஒன்று, எனவே விடையும் ஒன்றே. கடைசியில் y-யைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எடை. கிண்ணத்தின் அடிக்குப் போக ஒரு நேரத்தில் ஒரு சொத்தை மட்டும் நகர்த்தினால் போதும், ஒவ்வொரு நகர்வும் பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடு. 2013-ல் ரொன்காலியும் இரண்டு சகாக்களும் பெரிய அணிகளுக்காக எழுதிய முறை இது.

```python
def erc(S, b):
    y = 1 / np.sqrt(np.diag(S))
    for _ in range(1000):
        for i in range(len(y)):
            c = S[i] @ y - S[i, i]*y[i]
            y[i] = (-c + np.sqrt(c*c + 4*S[i, i]*b[i])) / (2*S[i, i])
        if np.max(np.abs(y*(S @ y) - b)) < 1e-10:
            return y / y.sum()
    raise RuntimeError('no convergence')
```

`b` என்பது யாருக்கு எவ்வளவு ரிஸ்க் என்ற பங்கீடு, உங்களுக்கு `np.ones(3)/3`. நிறுத்தும் சோதனையைக் கவனியுங்கள்: ஒப்பிடுவது `b`-யோடு, அது 0.333 என்ற அலகில்லாத எண். கோவேரியன்ஸ் தினசரியா ஆண்டா என்பது இங்கே ஒட்டாது. கடைசி வரியில் `raise` இருப்பதும் வேண்டுமென்றேதான். முடிக்காத விடையை முடித்ததாகச் சொல்லும் நிரலால்தானே இந்த இழையே தொடங்கியது.

உங்கள் உதாரணத்தில் X, Y இரண்டின் தனி ஆட்டம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். `b` எல்லாம் 1 என்று வைத்து, இரண்டையும் 1-ல் தொடங்கினேன். X முதலில் 0.677 ஆகிறது. அதைப் பார்த்து Y 0.765. திரும்ப X 0.740, Y 0.747. போய்ச் சேர வேண்டிய இடம் 0.745. இதுவும் இரு பக்கமும் தாண்டுகிறதுதான், ஆனால் ஒவ்வொரு தாண்டலும் முந்தையதைவிடச் சின்னது.

எந்த முறையில் எடுத்தாலும் கடைசியில் இந்த ஒரு வரியை அச்சடியுங்கள்: `w*(S@w)/(w@S@w)`. மூன்றும் 0.3333 என்று வரவில்லையென்றால் ஆப்டிமைசர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

---

எடைக்கல் எழுதியது:

0.1299, 0.1732, 0.6970. ரிஸ்க் பங்கும் மூன்றுக்கும் 0.3333. தினசரி அணி கொடுத்தாலும் ஆண்டு அணி கொடுத்தாலும் அதே விடை. நன்றி சார், காபி என் கணக்கில்.

---

கடன்காரன்_2 எழுதியது:

இப்போதுதான் உண்மையான தலைவலி ஆரம்பம், வாழ்த்துகள். 6% ஆடுகிற போர்ட்ஃபோலியோவில் 70% பாண்டு. வருமானமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். போதாது என்று நினைத்தால் கடன் வாங்கிப் பெருக்குவீர்கள். நான் பெருக்கினேன். ஏறக்குறைய இதே மாதிரி மூன்று சொத்து, என் இலக்கு 10%. எடைகளைப் பலமுறை சரிபார்த்தேன், ரிஸ்க் பங்கு துல்லியமாகச் சமம். 2022-ல் பங்கும் பாண்டும் கைகோர்த்து விழுந்தன. என் போர்ட்ஃபோலியோ இலக்கைவிட எங்கேயோ மேலே போய் ஆடியது. எடை போட்ட நிரலில்தான் ஏதோ பிழை என்று வாரக்கணக்கில் தேடினேன். இன்றுவரை எனக்குப் புரியவில்லை, சமப் பங்கீடு ஏன் என்னைக் காப்பாற்றவில்லை?

---

அணிக்கணக்கர் எழுதியது:

உங்கள் எடை உங்களைக் கைவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். கைவிட்டது பெருக்கல். உங்கள் அணி என்னிடம் இல்லை, எடைக்கல்லின் சொத்துகளிலேயே போட்டுக்காட்டுகிறேன்.

பழைய தரவில் பாண்டுக்கும் பங்குக்கும் கோரிலேஷன் -0.3 என்று வையுங்கள். அப்போது சம ரிஸ்க் எடை X 12%, Y 16%, பாண்டு 72%. மொத்த ஏற்ற இறக்கம் 4.83%. இலக்கு 10% என்றால் 2.07 மடங்கு பெருக்க வேண்டும்.

பிறகு கோரிலேஷன் +0.4 ஆகிறது. தனித்தனி ஏற்ற இறக்கம் எதுவும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதே 12, 16, 72-ன் ரிஸ்க் பங்கு இப்போது X 29.1%, Y 29.1%, பாண்டு 41.8%. சமம் கலைந்தது, ஆனால் பயங்கரம் ஒன்றும் இல்லை. புதிதாகச் சம எடை போட்டாலும் 14.4, 19.2, 66.5 என்றுதான் வரும். பாண்டு 72-லிருந்து 66.5-க்கு இறங்குகிறது, அவ்வளவே. ஆனால் மொத்த ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள்: 4.83 இருந்தது 6.89 ஆகிவிட்டது. 2.07 மடங்கில் அது 14.3%. பத்துக்குத் திட்டம் போட்டவர் பதினாலில் உட்கார்ந்திருக்கிறார்.

சமப் பங்கீடு விகிதத்தைத்தான் தீர்மானிக்கிறது, அளவை அல்ல. கோரிலேஷன் எல்லாம் சேர்ந்து ஏறும்போது விகிதம் கொஞ்சம்தான் அசைகிறது, அளவு எகிறுகிறது. கடன் வாங்காதவருக்கு 4.83 போய் 6.89 வந்தது ஒரு மோசமான வருஷம். கடன் வாங்கியவருக்கு அதுவே மார்ஜின் அழைப்பு. அதனால் எடைக்கும் பெருக்கத்துக்கும் ஒரே அணியைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி. எடைக்கு நீண்ட காலத் தரவு. பெருக்கத்துக்கு மட்டும், பாண்டுக்கும் பங்குக்கும் இடையே +0.4 அல்லது அதைவிட மோசமாக வைத்துக் கணக்கிட்டு, அங்கேயும் தாங்குமா என்று பார்ப்பேன். இந்த எண்களில் அப்படிச் செய்தால் 2.07 இல்லை, 1.45 மடங்குதான் கிடைக்கும்.

---

கடன்காரன்_2 எழுதியது:

1.45-ல் என் கடன் வட்டி போனபின் மிச்சம் என்ன என்று நினைத்தீர்கள்? கடன் வட்டி பாண்டு தரும் வருமானத்தைத் தாண்டிவிட்டால், பெருக்கிய ஒவ்வொரு பாண்டும் எனக்கு நஷ்டம். அதையும் உங்கள் அணி சொல்வதில்லை.

---

அணிக்கணக்கர் எழுதியது:

சொல்வதில்லை. அதனிடம் யாரும் வருமானம் கேட்கவும் இல்லை, மழைமேகம் முதலிலேயே பிடித்த இடம் அதுதான்.

---

மழைமேகம் எழுதியது:

ஆக நான் கேட்டது அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை :)

---

ஓரப்பார்வை எழுதியது:

எல்லோரும் ஆப்டிமைசரையும் கடனையும் பேசுகிறீர்கள். எனக்கு எடைக்கல்லின் ‘சமம்’ என்ற சொல்லே உறுத்துகிறது. X-ம் பங்கு, Y-யும் பங்கு, கோரிலேஷன் 0.8. ஆளுக்கு 33.3% என்றால் பங்குச் சந்தைக்கு 66.7% ரிஸ்க், பாண்டுக்கு 33.3%. இது சமமா? நாளைக்கே இன்னொரு பங்குக் குறியீட்டைப் பட்டியலில் சேர்த்தால் பங்குக்கு 75% ஆகிவிடும். சந்தையில் எதுவும் மாறவில்லை, உங்கள் பட்டியலில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். பட்டியல் போட்டவர்தான் முடிவெடுக்கிறார், சூத்திரம் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது.

---

நேர்க்கோடு எழுதியது:

இதனால்தான் நான் இரண்டே சொத்தோடு நிறுத்திக்கொண்டேன்!

---

அணிக்கணக்கர் எழுதியது:

ஓரப்பார்வை சொல்வது நியாயம். அதற்காகத்தான் நிரலில் `b`-யைத் திறந்து வைத்தேன். X-க்கு 0.25, Y-க்கு 0.25, பாண்டுக்கு 0.5 என்று கொடுத்தால் பங்குக் குடும்பத்துக்குப் பாதி, பாண்டுக்குப் பாதி. எடை X 10.1%, Y 13.4%, பாண்டு 76.5%. இன்னொரு பங்குக் குறியீடு வந்தால் அந்தப் பாதிக்குள்ளேயே பிரித்துக்கொள்ளட்டும்.

---

ஓரப்பார்வை எழுதியது:

குடும்பம் எது என்று யார் சொல்வது? கடன் தர மதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் பாண்டு ஃபண்டை எந்தப் பாதியில் வைப்பீர்கள்? பெயர் பாண்டு, நெருக்கடி வந்தால் பங்கு மாதிரி விழும். தங்கம்? தனிக் குடும்பமாக மூன்றில் ஒன்று தருவீர்களா? கோரிலேஷனைப் பார்த்துக் குடும்பம் பிரிக்கலாம் என்பீர்கள். அதே கோரிலேஷன்தான் கடன்காரனுக்கு -0.3-லிருந்து +0.4-க்குத் தாவியது.

---

அணிக்கணக்கர் எழுதியது:

அந்தப் பாண்டை நான் பங்குப் பக்கம் வைப்பேன். ஏன் என்று கேட்டால் அனுபவம் என்பேன், நிரூபணம் இல்லை. கோரிலேஷனை வைத்து மரம் மாதிரிப் பிரித்து எடை போடும் முறைகள் இருக்கின்றன, ஓட்டியும் பார்த்திருக்கிறேன். தரவின் காலத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே கிளைகள் இடம் மாறின. எனக்கு ஒட்டவில்லை. வேறு யாருக்காவது ஒத்துவந்ததா?

---

சுற்றுவட்டம் எழுதியது:

மரம் எனக்கும் ஒத்துவரவில்லை. அது போகட்டும், நான் முன்பு சொன்ன இடத்தில் ஊஞ்சல் ஆடாமல் எப்படி ஓடியது என்று பழைய நிரலைத் தோண்டினேன். வர்க்கமூலம் இருந்திருக்கிறது. யாரோ சேர்த்திருக்கிறார்கள், ஏன் என்று ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. நான் அதைத் தேவையில்லாத சுமை என்று நினைத்து மேலே விட்டுவிட்டேன்.

---

எடைக்கல் எழுதியது:

என் முதலாளியிடம் 69.7% பாண்டு என்று காட்டினேன். ‘இதற்கா மூன்று நாள்?’ என்றார். ஓரப்பார்வையின் கேள்வியையும் அவரிடமே கேட்டேன்: பங்குக்கு மூன்றில் இரண்டா, பாதியா? அவர் நாலாவதாக இன்னொரு பங்குக் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். `b` இன்னும் காலியாக இருக்கிறது.